துண்டுச் சீட்டில் இருக்கும் போன் நம்பர்: அது 1-ஆ 7-ஆ, 4-ஆ 9-ஆ?

போன மாதம் எங்கள் வீட்டுத் தண்ணீர் மோட்டார் எரிந்துபோனது. அப்பா அதைக் கழற்றிக்கொண்டுபோய் மதுரையில் ஒரு வைண்டிங் கடையில் கொடுத்துவிட்டு, மெக்கானிக் எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டோடு திரும்பினார். மேலே செலவுக் கணக்கு, கீழே அவருடைய செல் நம்பர். நான்கு நாள் கழித்துப் போனால் கடை பூட்டிக் கிடந்தது. சரி, கூப்பிட்டுப் பார்க்கலாம் என்று சீட்டை எடுத்தால், பத்து இலக்கத்தில் ஐந்து சந்தேகம். 4 போலவும் 9 போலவும் மூன்று, 1 போலவும் 7 போலவும் இரண்டு.

அப்போது நான் செய்தது பெரிய தப்பு. தோன்றிய மாதிரியெல்லாம் மாற்றி மாற்றிப் போட்டேன். இரண்டு நாளில் பதினோரு பேரைத் தொந்தரவு செய்தேன். வீட்டில் தண்ணீர் இல்லை. அப்புறம்தான் உட்கார்ந்து அந்தச் சீட்டை ஒழுங்காகப் பார்த்தேன். அரை மணி நேரத்தில் நம்பர் இரண்டே இரண்டாகக் குறைந்துவிட்டது. அந்த அரை மணி நேரத்தில் செய்ததைத்தான் வரிசையாகச் சொல்கிறேன்.

முதலிலேயே ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். ஆதார் எண்ணில் கடைசி இலக்கம் சரிபார்ப்புக்காகவே வைக்கப்பட்டது. ஓர் இலக்கத்தைத் தப்பாகப் படித்தால் கணக்கு உதைக்கும், கம்ப்யூட்டர் ஏற்காது. போன் நம்பரில் அப்படி எதுவும் கிடையாது. ஓர் இலக்கம் மாறினால் அது இன்னொருவருடைய நல்ல நம்பர். மணி அடிக்கிறது என்பதால் நம்பர் சரி என்று ஆகாது.

1. சீட்டின் மேல் பேனா வைக்காதீர்கள்

எல்லாரும் செய்வது இதுதான்: "இது 9 ஆகத்தான் இருக்கும்" என்று அதன் மேலேயே இன்னொரு முறை அழுத்தி எழுதிவிடுவார்கள். அதோடு இருந்த ஒரே சாட்சியும் போய்விடும். எங்கள் சீட்டிலும் அப்பா ஓர் இலக்கத்தின் மேல் பேனாவைக் கொண்டுபோனார், நல்லவேளை தடுத்துவிட்டேன்.

முதலில் செல்போனில் இரண்டு படம் எடுங்கள். ஒன்று பகல் வெளிச்சத்தில் நேராக. இன்னொன்று இருட்டறையில், டார்ச்சைக் காகிதத்தின் பக்கவாட்டில் படுக்கவைத்து அடித்துக்கொண்டு. பால்பாயிண்ட் பேனா காகிதத்தில் பள்ளம் போடும். சாய்ந்த வெளிச்சத்தில் அந்தப் பள்ளம் நிழலாகத் தெரியும். மை சரியாக விழாத கோடுகூட இதில் சிக்கும். காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கம் விரலால் தடவியும் பாருங்கள்.

குறிப்பேட்டிலிருந்து கிழித்த தாள் என்றால், அடுத்த தாள் இன்னும் அந்த நோட்டில் இருக்கிறதா என்று கேளுங்கள். அதிலும் அதே எழுத்தின் தடம் பதிந்திருக்கும்.

செலவு என்று பார்த்தால் ஒன்றும் இல்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கச் சிரமப்படுகிறவர்கள் ஜெராக்ஸ் கடையில் இரண்டு மடங்கு பெரிதாக ஒரு பிரதி எடுத்துக்கொள்ளலாம். அந்தப் பிரதியில் எவ்வளவு வேண்டுமானாலும் கிறுக்கலாம்.

2. எத்தனை இலக்கம் என்று எண்ணுங்கள்

இந்தியாவில் செல் நம்பருக்குப் பத்து இலக்கம். முதல் இலக்கம் 6, 7, 8, 9 இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும். இந்த ஒரு விதியே பாதி வேலையை முடித்துவிடும். முதல் இடத்தில் இருப்பது 1-ஆ 7-ஆ என்று குழம்பினால் அது 7. 4-ஆ 9-ஆ என்றால் அது 9.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. முதல் இலக்கம் 9 என்று உறுதியானதும், அவர் 9 எப்படிப் போடுவார் என்பதற்கு ஒரு மாதிரி கிடைத்துவிட்டது. முன்னால் +91 என்று எழுதியிருந்தால் இன்னும் நல்லது. அவர் கையால் எழுதிய 9-உம் 1-உம் பக்கத்துப் பக்கத்திலேயே இருக்கின்றன.

ஒரு பொறி உண்டு. லேண்ட்லைனையும் ஊர்க் குறியீட்டோடு சேர்த்து, முன்னால் 0 போடாமல் எழுதினால் பத்து இலக்கம்தான் வரும். சென்னைக்கு 44, மதுரைக்கு 452, கோவைக்கு 422. அதனால் முதல் இடத்தில் 4 இருக்கவே முடியாது என்று முடிவுகட்டும் முன், அடுத்த இரண்டு இலக்கங்களையும் பாருங்கள். எங்கள் சீட்டில் மூன்றாவது இலக்கம் தெளிவான 8. மதுரைக்காரர், மதுரைக் கடை, 452 வர வழியில்லை. ஆகவே செல் நம்பர், முதல் இலக்கம் 9.

எண்ணிக்கை ஒன்பதாக வந்தால், ஒரு 1 பக்கத்து இலக்கத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று தேடுங்கள். பதினொன்றாக வந்து முதல் இலக்கம் 0 இல்லை என்றால், இரண்டு கோடாகப் போட்ட ஒரு 4 பிரிந்து நிற்கிறதா என்று பாருங்கள். பேனாவை எடுத்து வைத்து எழுதிய 4-இல் நடுவே இடைவெளி விழுந்தால், அது ஒரு 6-உம் ஒரு 1-உம் போலத் தெரியும்.

3. அதே கையின் வேறு இலக்கங்களைச் சேகரியுங்கள்

இந்தப் படியைத்தான் நான் முதலில் விட்டுவிட்டேன். பொதுவாக 4 எப்படி இருக்கும் என்ற கேள்விக்கு இங்கே வேலையில்லை. இந்த மனிதர் 4 எப்படிப் போடுவார் என்பதுதான் கேள்வி. அதற்கு அவர் எழுதிய வேறு எண்கள் வேண்டும். அதே சீட்டில் தேதி, தொகை, பில் நம்பர் ஏதாவது இருக்கும். இல்லையென்றால் அவர் முன்பு கொடுத்த ரசீதைத் தேடுங்கள். நம்பரை எழுதியது உங்கள் வீட்டு ஆளே என்றால் பால் கணக்கு, கேஸ் சிலிண்டர் பதிந்த காலண்டர் போதும்.

ஆனால் அந்த எண்களிலும் அதே குழப்பம் இருந்தால்? அங்கேதான் கூட்டல் கணக்கு கைகொடுக்கும். எங்கள் சீட்டில் இருந்தது இது:

காயில் 1,450
பேரிங் 2 × 245 = 490
கூலி 700
மொத்தம் 2,640

இப்போது தெளிவாக அச்சில் படிக்கிறீர்கள். சீட்டில் இருந்த ஒவ்வொரு 4-உம் 9 போல, ஒவ்வொரு 1-உம் 7 போலத்தான் இருந்தது. ஆனால் 2, 5, 6, 0 நான்கும் சந்தேகமில்லாமல் தெரிந்தன. அதை வைத்துக்கொண்டு பேரிங் வரியைப் பாருங்கள். ஒரு பேரிங் 245 அல்லது 295. 295 என்றால் இரண்டுக்கு 590 ஆகும். விடையின் முதல் இலக்கம் நிச்சயமாக 5 இல்லை. ஆகவே விலை 245, விடை 490. அந்த 490-இல் முதலில் நிற்பது 4, பக்கத்தில் நிற்பது 9. இரண்டும் ஒரே கையால், ஒரே நொடியில் எழுதியவை. இதைவிட நல்ல மாதிரி கிடைக்காது.

அடுத்து மொத்தத் தொகை. காயில் 7,450 என்றால் மொத்தம் எட்டாயிரத்தைத் தாண்டும். சீட்டில் இருப்பது இரண்டாயிரம். ஆகவே அது 1. கூலி 100 என்றால் மொத்தம் 2,040. சீட்டில் நூறாம் இடத்தில் தெளிவான 6 இருக்கிறது. ஆகவே கூலி 700. இப்படி 1, 7, 4, 9 நான்குக்கும் உறுதியான மாதிரி கையில் வந்துவிட்டது. பெரிதாக்கிய பிரதியில் இவற்றை வட்டமிட்டுக்கொண்டேன்.

ஒரு எச்சரிக்கை: தொகையை எழுதியவரும் நம்பரை எழுதியவரும் ஒருவரேதானா என்று கேட்டு உறுதி செய்யுங்கள். முதலாளி கணக்கு எழுத, வேலை செய்கிற பையன் நம்பர் எழுதியிருந்தால் இந்த ஒப்பீடு உங்களைத் தப்பான பக்கம் இழுத்துவிடும்.

4. 1-ஆ 7-ஆ: தலைக்கோட்டின் இடது நுனியைப் பாருங்கள்

நம்மில் பலர் 1-ஐ வெறும் நெட்டுக் கோடாகப் போடுவோம். அவர்களிடம் பிரச்சினை இல்லை. உச்சியில் சின்னதாகக் கொம்பு வைத்து 1 போடுகிறவர்களிடம்தான் சிக்கல்.

வித்தியாசம் பேனா எங்கே புறப்பட்டது என்பதில் இருக்கிறது. 1-இன் கொம்பு கீழிருந்து மேலே ஏறி, உச்சியில் மடங்கிக் கீழே இறங்கும். அதனால் கொம்பின் இடது நுனி உச்சியைவிடத் தாழ்ந்து நிற்கும். 7-இன் தலைக்கோடு படுக்கையாக ஓடி, வலது மூலையில் திரும்பி இறங்கும். அதன் இடது நுனி, மூலையின் உயரத்திலேயே இருக்கும், சிலருக்குக் கொஞ்சம் தூக்கியும் இருக்கும்.

அது தெரியாத அளவுக்குச் சின்னதாக இருந்தால் அகலத்தைப் பாருங்கள். 7 மற்ற இலக்கங்களுக்குச் சமமான இடத்தை எடுத்துக்கொள்ளும். 1 ஒடுங்கி நிற்கும். அடுத்து காலின் சாய்வு. 1-இன் கால், அதே வரியில் உள்ள 4-இன் காலுக்கு இணையாகப் போகும். 7-இன் கால் கீழே போகப் போக இடது பக்கம் கூடுதலாகச் சாயும். நடுவில் குறுக்குக் கோடு இருந்தால் 7, அடியில் கோடு இருந்தால் 1.

கோடு போட்ட நோட்டுத் தாளில் எழுதிய நம்பர் என்றால் கவனம். 7-இன் தலைக்கோடு அச்சுக் கோட்டின் மேலேயே விழுந்துவிட்டால் அது கண்ணுக்கே தெரியாது. நீங்கள் பார்ப்பது வெறும் கால்தான், 1 என்று படித்துவிடுவீர்கள். இதற்குத்தான் பின்பக்கம் தடவச் சொன்னேன். அச்சுக் கோடு பள்ளம் போடாது, பேனா போடும்.

5. 4-ஆ 9-ஆ: காலுக்கு வலது பக்கம் பாருங்கள்

4-ஐ மேலே திறந்து போடுகிறவர், 9-இன் சுழியைச் சரியாக மூடாமல் விடுகிறவர், இந்த இருவருடைய எழுத்தும் ஒன்றுபோலவே வந்து நிற்கும். 4-ஐ மேலே கூட்டி மூடிப் போடுகிறவர் எழுதினாலும் அதே கதைதான். அதனால் மேலே திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள்.

முதலில் காலின் வலது பக்கத்தைப் பாருங்கள். 4-இன் குறுக்குக் கோடு காலைத் தாண்டி வலது பக்கம் கொஞ்சம் நீட்டிக்கொண்டு நிற்கும். ஒரு மயிரிழை நீட்டினாலும் போதும், அது 4. 9-இன் சுழி காலோடு முடிந்துவிடும், தாண்டவே தாண்டாது.

நீட்டல் இல்லையென்றால் இடது கீழ் மூலை. 4-இல் அங்கே பேனா மடங்கித் திரும்பும், கோணம் தெரியும். 9-இல் வளைந்து போகும். அவசரத்தில் எழுதும்போது கோணமும் மழுங்கிவிடும் என்பது உண்மைதான், அதனால் இது இரண்டாவது சாட்சிதான்.

மூன்றாவது, எனக்கு உண்மையில் உதவியது: காலின் மேல் பாதி. 9 போடுகிறவர் வலது மேலிருந்து புறப்பட்டு, இடது பக்கம் சுற்றி, மறுபடி வலது பக்கம் மேலே ஏறி, அதே தடத்தில் கீழே இறங்குகிறார். ஆகவே காலின் மேல் பாதியில் பேனா இரண்டு முறை போயிருக்கும். அங்கே மை தடித்தோ, இரட்டைக் கோடாகவோ தெரியும். 4-ஐ இரண்டு கோடாகப் போடும்போது காலைத் தனியாக ஒரே இழுப்பில் போடுவார்கள்; மேலிருந்து கீழ்வரை ஒரே தடிமன். டார்ச் வெளிச்சப் படத்தில் இது நன்றாகத் தெரிந்தது. 4-ஐப் பேனா எடுக்காமல் போடுகிறவர்களிடம் இந்தச் சோதனை செல்லாது. அப்படிப்பட்டவரா என்பதை மூன்றாம் படியில் வட்டமிட்ட மாதிரியே சொல்லிவிடும்.

6. சந்தேக இடங்களை எழுதிப் பட்டியல் போடுங்கள்

வேறொரு தாளில் பத்து இலக்கத்தையும் இடைவெளி விட்டு எழுதுங்கள். சந்தேகமான இடத்தில் இரண்டு இலக்கத்தையும் ஒன்றன்கீழ் ஒன்றாகப் போடுங்கள். ஒவ்வொரு சந்தேகமும் நம்பர்களின் எண்ணிக்கையை இரண்டு மடங்காக்கும். எங்களுக்கு ஐந்து சந்தேகம், ஆக 32 நம்பர். நான் ஏன் இரண்டு நாளாகத் திண்டாடினேன் என்று அப்போதுதான் புரிந்தது.

அவர் நம்பர் என்பதால் முழுதாக எழுதவில்லை, இடத்தை மட்டும் சொல்கிறேன். முதல் இடம் விதிப்படி 9. 32 பாதியாகி 16. இரண்டாம் இடத்தில் குறுக்குக் கோடு காலைத் தாண்டியிருந்தது, 245-இன் 4-ஐ அப்படியே உரித்து வைத்தது போல இருந்தது. 4 என்று வைத்தேன், மீதி 8. ஏழாம் இடத்தில் அகலமும் தலைக்கோடும் கூலி 700-இன் 7-உடன் பொருந்தின, மீதி 4. ஒன்பதாம் இடத்தில் காலின் மேல் பாதி தடித்திருந்தது, 490-இல் உள்ள 9 போல, மீதி 2.

கடைசி இலக்கம் மட்டும் பிடிகொடுக்கவில்லை. காகிதம் மடித்த இடத்தில் அதன் தலை தேய்ந்துபோயிருந்தது. கால் நன்றாகச் சாய்ந்திருந்ததால் 7 என்று நினைத்தேன்.

இந்தக் கட்டத்தில் யாரையும் கூப்பிடும் முன், செல்போனின் டயல் பேடில், நடுவில் சந்தேகம் வராமல் அடுத்தடுத்து நிற்கும் உறுதியான இலக்கங்களை மட்டும் வரிசையாக அழுத்திப் பாருங்கள். அந்த வரிசையுள்ள நம்பர் பழைய அழைப்புப் பட்டியலிலோ தொடர்பு எண்களிலோ இருந்தால் பெரும்பாலான போன்களில் தானே மேலே வந்து நிற்கும். வீட்டில் எல்லாருடைய போனிலும் பாருங்கள். அந்த ஆள் என்றைக்காவது மிஸ்டு கால் கொடுத்திருக்கலாம்.

7. கூப்பிடும் நேரமும் கேட்கும் முறையும்

காலை பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை, மாலை நான்கிலிருந்து ஏழு வரை நல்ல நேரம். இரவு எட்டுக்கு மேல் வேண்டாம். ஒரே நம்பருக்கு இரண்டு முறைக்கு மேல் அடிக்காதீர்கள். தெரியாத நம்பர் திரும்பத் திரும்ப வந்தால் யாருக்கும் பயமாகத்தான் இருக்கும்.

எடுத்தவுடன் "நீங்க யாரு?" என்று கேட்காதீர்கள். நீங்கள் யாரைத் தேடுகிறீர்கள் என்று முதலில் சொல்லுங்கள். நான் இப்படிக் கேட்டேன்: "வணக்கங்க, மோட்டார் வைண்டிங் கடைங்களா?" முதலில் 7-இல் முடியும் நம்பர். ஓர் அம்மா எடுத்து, "இல்லைங்க தம்பி, ராங் நம்பர்" என்றார். மன்னிப்புக் கேட்டு, சீட்டில் நம்பர் சரியாகத் தெரியவில்லை, இனிமேல் கூப்பிட மாட்டேன் என்று சொல்லி வைத்தேன். அந்த நம்பரை உடனே பட்டியலில் அடித்துவிட்டேன். முன்பு குறிக்காமல் விட்டதால் ஒருவருக்கே இரண்டு முறை போட்டிருந்தேன். அவர் திட்டியதில் நியாயம் இருந்தது.

அடுத்தது 1-இல் முடியும் நம்பர். மெக்கானிக்கே எடுத்தார். ஊரில் விசேஷத்துக்குப் போயிருக்கிறார், மோட்டார் தயாராகத்தான் இருக்கிறது. அப்புறம் சீட்டை மறுபடி பார்த்தபோது காரணம் தெரிந்தது. காகிதத்தின் ஓரத்தில் இடம் போதாமல் கடைசி இலக்கத்தைச் சாய்த்து எழுதியிருக்கிறார். ஓரத்தில் நெருங்கி நிற்கும் இலக்கத்துக்குச் சாய்வுச் சோதனையை நம்பாதீர்கள்.

போனில் வரும் அறிவிப்பையும் சரியாகக் கேளுங்கள். "உபயோகத்தில் இல்லை" என்று வந்தால் அந்த நம்பரைப் பெரும்பாலும் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம். "ஸ்விட்ச் ஆஃப்", "தொடர்பு எல்லைக்கு வெளியே" என்று வந்தால் நீக்கக் கூடாது, மறுநாள் பார்க்க வேண்டும். லேண்ட்லைனிலிருந்து கூப்பிடுகிறவர்கள் செல் நம்பருக்கு முன்னால் 0 சேர்க்க வேண்டும். 2021 ஜனவரியிலிருந்து அதுதான் முறை. அதை மறந்தால் சரியான நம்பரும் போகாது.

பட்டியல் முழுவதும் அடிபட்டுவிட்டால், கையெழுத்தில் தப்பில்லை, காதில் விழுந்ததில் தப்பு என்று யோசியுங்கள். "டபுள் ஃபோர்" என்றதை ஒரு 4 ஆக எழுதியிருக்கலாம், பக்கத்து இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம். அப்போது கடைக்கு நேரில் போய், பக்கத்துக் கடையில் விசாரிப்பதுதான் வழி.

8. பணம் அனுப்பிச் சோதிக்க வேண்டாம்

யுபிஐ செயலியில் நம்பரைப் போட்டால் பெயர் வரும், ஒரு ரூபாய் அனுப்பிப் பார் என்று சிலர் சொல்வார்கள். பெயரைப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதுவும் முழு ஆதாரம் இல்லை, மனைவி பெயரிலோ மகன் பெயரிலோ கணக்கு இருக்கலாம். பேசி உறுதி செய்த பிறகு மட்டும் பணம். நான் 2,640 ரூபாய் என்ற தொகையை அவர் வாயாலேயே சொல்லக் கேட்டு, சீட்டோடு ஒப்பிட்ட பிறகுதான் அனுப்பினேன்.

9. அடுத்த முறை நம்பர் வாங்கும்போது

சீட்டு கைக்கு வந்த இடத்திலேயே, எழுதியவர் முன்னால் நின்று நம்பரைச் சத்தமாகப் படித்து, அங்கேயே ஒரு மிஸ்டு கால் கொடுங்கள். பத்து நொடி ஆகும். போன் கையில் இல்லையென்றால், சந்தேகமான இலக்கத்துக்கு மேல் தமிழில் "ஏழு", "நாலு" என்று எழுதச் சொல்லுங்கள். நீங்கள் எழுதிக் கொடுக்கும்போது 7-க்கு நடுவில் குறுக்குக் கோடு போடுங்கள், 1-ஐ வெறும் நெட்டுக் கோடாக விடுங்கள், 4-ஐ மேலே திறந்து குறுக்குக் கோட்டை நன்றாக வெளியே இழுத்துவிடுங்கள். எங்கள் வீட்டில் போன் பக்கத்தில் தொங்கும் நோட்டில் அப்பா இப்போது அப்படித்தான் எழுதுகிறார்.